லோகோவுக்கு மட்டும் மணி அடிக்கும்

நெல்லித்தோப்பில் பத்திரிகை அச்சடிக்கும் தம்பி ஒருவர், மின்னஞ்சலில் இணைப்பு வந்தால் போனில் மணி அடிக்கும்படி IFTTT-யில் ஒரு ஆப்லெட் போட்டார். கோடு ஒரு வரிகூட எழுதவில்லை: ‘இணைப்பு வந்தால்’ ஒரு பக்கம், ‘போனுக்குச் சொல்’ மறுபக்கம். ஜிமெயில் ஆப்பே இலவசமாகச் சத்தம் போடுமே என்று நான் கேட்கவில்லை. ஆசையாகச் செய்திருந்தார்.

முதல் மணி பேப்பர் கடைக்காரரின் நன்றிக் கடிதத்துக்கு அடித்தது. அதன் கையொப்பத்தின் கீழிருந்த லோகோவும் ஒரு இணைப்புதானாம். கல்யாணப் பத்திரிகையின் டிசைனுக்கோ மூச்சில்லை. 25 எம்.பி.யைத் தாண்டியதால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க்காக மாற்றிவிட்டது. லிங்க் இணைப்பில் சேராது. மணப்பெண்ணின் சித்தப்பா வண்டியிலேயே வந்து இறங்கினார்.

மணி அடித்தாலும் அவசரம் கிடையாது. இலவசக் கணக்கில் IFTTT பெட்டியை எட்டிப்பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

ஜிமெயில் தேடலில் வரும் அஞ்சலுக்கு மட்டும் மணி அடி என்று மாற்றி, இதைப் போடச் சொன்னேன்:

```
(has:attachment larger:1M) OR has:drive
```

லோகோ மட்டும் ஒட்டிய, மொத்தமே ஒரு எம்.பி.யைத் தாண்டாத அஞ்சல் கழன்றுவிடும், டிரைவ் லிங்க்கும் சிக்கும்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பெரிய பைல் அனுப்புறவங்க எல்லாம் போன் பண்ணிட்டுத்தாண்ணே அனுப்புறாங்க.”