அத்தையின் மோதிரமும் ஆறு எழுத்தும்

அந்தக் காலத்தில் அறந்தாங்கிச் சந்தைக்குப் போன அப்பத்தா மோதிரத்தைத் தொலைத்தபோது ஊரே சாட்சி. எந்த ஆசாரி செய்தது, எத்தனை குன்றிமணி எடை, கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் கிணற்றடியில் கேட்டாலே தெரியும். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தவர் “கிழக்கே போயிருக்கு” என்றார். கிழக்கே கடல்வரை தேடலாம். இழப்பீடு மட்டும் எவரும் தரவில்லை.

இப்போது அத்தை புதுக்கோட்டைப் பேருந்தில் மோதிரத்தைத் தொலைத்தார். வீட்டுக் காப்பீட்டில் நகைப் பிரிவு இருந்ததால் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. பயணப் பெட்டிக்கான காப்பீட்டில் பெரும்பாலும் நகை சேராது, இதில் சேரும்.

“எப்படியோ காணாமல் போச்சுன்னு எழுதுடா தம்பி” என்றார் அத்தை. அப்படி எழுதினால் தள்ளிவிட அதுவே போதும். விளக்கமில்லாமல் காணாமல் போவதைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. விரல் வீங்கியதால் கழற்றிச் சுருக்குப் பையில் வைத்தது, கீரனூரில் பையைத் தொட்டுப் பார்த்தபோது இருந்தது, இறங்கும்போது பையில் கிழிசல் இருந்தது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். பயணச்சீட்டு, கிழிந்த பையின் படம், காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் இணைத்தேன்.

மதிப்புச் சான்றில்தான் வேடிக்கை. மதிப்பீட்டாளர், “மோதிரத்தைக் கொண்டு வாங்க” என்றார். அது இருந்தால் அவரிடம் ஏன் போகிறோம்? நல்லவேளை, கடை ரசீதில் ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. எண் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையை அந்த எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. BIS Care செயலியில் அதைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வந்துவிடும். அது யாருடையது என்று மட்டும் சொல்லாது. அதற்குக் கல்யாண ஆல்பத்தில் அத்தையின் விரல் தெரியும் படத்தைப் பெரிதாக்கி வைத்தேன்.

கணக்கைத் தனித்தனியாகப் போட்டேன். மொத்த எடை 6.2 கிராம், கல் 0.2 போக தங்கம் 6 கிராம். தொலைந்த அன்று கிராம் 9,000 ரூபாய் என்றால் 54,000. செய்கூலியும் சேதாரமும் வேறு வரி. தருவதும் தராததும் பாலிசியைப் பொறுத்தது.

வந்த சர்வேயர் வேறொன்றைப் பிடித்தார். எல்லா நகைக்குமாகச் சேர்த்து 3 லட்சத்துக்குக் காப்பீடு. பாலிசி எடுத்தபின் தங்கம் ஏறி, இன்றைய மதிப்பு 6 லட்சம். பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் இழப்பிலும் பாதி, அதாவது 27,000. குறைவாகக் காப்பீடு செய்தால் மீதியை நாமே ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்று பொறுமையாக விளக்கினார்.

கடைசியில் ஒரு பத்திரம் நீட்டினார்: பணம் வாங்கியபின் மோதிரம் கிடைத்தால் உரிமை கம்பெனிக்கு.

அத்தை பேனாவை வாங்கவில்லை. “பாதிப் பணம் குடுத்துட்டு முழு மோதிரத்தையும் எடுத்துக்குவாங்களா?”

“அப்படிக் கிடைச்சா எழுதுங்கம்மா, பங்கு பேசிக்கலாம்” என்றார் சர்வேயர்.

“அதுக்கும் ரசீது கேப்பீங்களா?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார் அத்தை.