விசில் ரெடி, வகுப்பு ரெடியா?

வல்லத்திராக்கோட்டையிலிருந்து பி.டி. வாத்தியார் வேலைக்கு நேர்காணல் போகும் தம்பி, கபடிக் களம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 என்று தூக்கத்திலும் சொல்வார். போனஸ் புள்ளிக்கு எதிரணியில் 6 பேராவது நிற்கணும் என்பதும் மனப்பாடம். மாதிரி வகுப்பில்தான் வண்டவாளம். பத்து நிமிஷத்தில் எட்டு, விதிமுறைப் பிரசங்கம். பிள்ளைகள் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி நிற்கும். வெயிலைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்தி, காலால் தொடுவதை ஒருமுறை செய்துகாட்டி, இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டால் எல்லோரும் ஆடுவார்கள். தேர்வாளர் பார்ப்பதும் அதைத்தான்.

கடைசிக் கேள்வி தாளாளருடையது: "உங்க பீரியடைக் கணக்கு சார் கேட்டா?"

"தாராளமா எடுத்துக்கட்டும் சார்."

"திங்கக்கிழமையே வந்து சேந்துருங்க."