நம்ம இடம் நல்ல இடம் தம்பி

முதலாளி பேசி முடித்ததும், "கிட்டங்கியைச் சுத்திக் காட்டுப்பா" என்று வேலைக்கு வந்த பையனை ஒருவர் கையில் பிடித்துக் கொடுப்பாரே, அந்த அண்ணனைத்தான் சொல்கிறேன். டீக்காசை நம்மைக் கொடுக்க விடமாட்டார். ஏலக்காயை விரலால் உருட்டிப் பார்த்தே 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா, விழுமா என்று சொல்லிவிடுவார். அவரிடம் இல்லாதது பதில் ஒன்றுதான்.

தேவாரத்திலிருந்து என் அக்கா மகன் போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் கணக்கு எழுதப் போனான். வேலை உனக்குத்தான், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல் என்றார்கள். கூடப் போன நான், "இனி பக்கத்துல உட்காரப் போற ஆளுகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்க" என்றேன். கேட்டான்.

"வேலை நேரம் எப்படிண்ணே?"

"நம்ம இடம் நல்ல இடம் தம்பி."

"முதலாளி கோபப்படுவாரா?"

"நம்ம இடம் நல்ல இடம் தம்பி."

"முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?"

இந்த முறை அண்ணன் கதவைப் பார்த்தார், செருமினார், மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "நம்ம இடம்..." என்று இழுத்து, 'நல்ல' என்பதில் கொஞ்சம் தடுக்கி, ஒருவழியாகத் 'தம்பி'யில் வந்து சேர்ந்தார்.

அதே வாக்கியம்தான். ஆனால் பட்டென்று வந்தால் ஒரு பொருள், கதவைப் பார்த்து வந்தால் வேறொரு பொருள். பெருமூச்சோடு வந்தால் முன்னாடி இருந்தவர் சொல்லாமல்கொள்ளாமல் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்கு முன் மலையைப் பார்த்துச் சொல்வதுபோல அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோளாறு கேள்வியிலும் இருந்தது. "எப்படி இருக்கும்" என்று கேட்டால் எந்த அண்ணனும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார். நடந்ததைக் கேட்டால் அந்த வாக்கியம் உதவாது. "போன மாசச் சம்பளம் எந்தத் தேதி வந்துச்சு?" என்று பையனை விட்டுக் கேட்கவைத்தேன். "ஆறு" என்றார், யோசிக்காமல். "போன ஏலத்தன்னைக்கு வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?" "பத்தரை." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்து நாங்கள் கேட்டதுதான் இந்தத் தொழிலில் உயிரான கேள்வி. "மூட்டை எடை குறைஞ்சா யார் கணக்குல எழுதுவாங்க?"

காய்ந்த ஏலக்காயிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குபோல ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயில் காலத்தில் விடும். 50 கிலோ மூட்டையில் 11 சதவீத ஈரம் 10 ஆனால் போதும், அரைக் கிலோவுக்கு மேல் எடை தானாகக் கரைந்துவிடும். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தாலும் மூட்டைக்குக் கிட்டத்தட்ட 1,400 ரூபாய் போச்சு. யாரும் திருடவில்லை, காற்று கொண்டுபோனது. அதைக் கடை தாங்குகிறதா, இல்லை கணக்கு எழுதுகிற பையன் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? கூடி வேலை செய்கிற லட்சணம் இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. நல்ல இடம் என்றும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல்தான். ஊரில் பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகிற இடத்தில், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்த பையனிடம் உண்மையைச் சொன்னால் என்ன? பக்கத்து மேசைக்கு வரப் போகிறவன்தானே? ஆனால் கிட்டங்கிக்குள் நின்று கேட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி. அண்ணனுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அன்று ராத்திரி அவரே கூப்பிட்டார், வேறு நம்பரிலிருந்து. "தம்பி, எடை பிடிப்பாங்க. முன்னாடி இருந்தவன் அதுலதான் போனான். ஆனா முதலாளி மோசமில்ல, கேட்டா விடுவாரு. யாரும் கேக்கலை, அவ்வளவுதான்." பேச்சு முடிகிற நேரத்தில், "ரெண்டு ஆள் வேலையை ஒத்தையில பாக்குறேன், நீ வந்தா நல்லா இருக்கும்" என்றார். அதையும் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டோம். ஆள் தேவைப்படுகிறவர் சொல்லும் 'மோசமில்ல'வைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடை போடவேண்டும். அதனால் அதே கேள்வியைச் சலிப்புக்கு வருகிற அக்கா ஒருவரிடமும் கேட்டோம். எடை பிடிக்கிற விஷயம் ஒத்துப்போனது. 'கேட்டா விடுவாரு' என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை பையன் முதலாளியிடம் போனான். அண்ணன் பேரை எடுக்கவில்லை. "ஈரத்துல குறையிற எடைக்குச் சம்பளத்துல பிடிக்கமாட்டோம்னு கடிதத்துல ஒரு வரி சேர்த்துக் குடுங்க ஐயா, திங்கக்கிழமை வந்துடுறேன்" என்றான். அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, பதினோரு வருசமா இருக்கேன். எனக்கும் இதே மாதிரி எழுதிக் குடுப்பாரான்னு நீயே ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார்.