முதல் அடியே சரியில்லை

கே: ஜனவரி சென்னை மாரத்தானுக்காக, தினமும் 5 கிலோமீட்டர் ஓடியதை இரண்டே வாரத்தில் 10 ஆக்கினேன். இப்போது கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி குத்துகிறது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுவதால் ஓடலாம்தானே? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நின்றபடி வேலை.
– ஒரு வாசகர், பெரியபாளையம்

ப: பவானி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள்கூட ஆடித் திருவிழாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் தினமும் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கிறீர்கள்!

குதிகாலிலிருந்து விரல்வரை போகும் தசைநார்ப் பட்டை (டாக்டர் பாஷையில் பிளான்டார் ஃபேசியா) இரவில் விறைத்துக்கொள்கிறது. நடந்தால் இளகும், ஆறிவிட்டதாக அர்த்தமில்லை. ஆகவே இறங்குமுன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்து 10 நொடி வீதம் 10 முறை இழுங்கள். கெண்டைக்கால் இறுகினாலும் பட்டைதான் இழுபடும். அதற்கு, சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதி தரையை விடாமல், முழங்காலை நீட்டி 30 நொடி, சற்று மடக்கி 30 நொடி. ஷிப்ட் இடைவேளையிலும் செய்யலாம். மேஸ்திரி பார்த்தால் சுவர் சாய்கிறது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், 3 கிலோமீட்டர். தீர்ப்பு சொல்வது மறுநாள் காலையின் முதல் அடி: வலி கூடினால் தூரத்தைக் குறையுங்கள், ஒரு வாரம் கூடாமலிருந்தால் அரை கிலோமீட்டர் ஏற்றுங்கள். குணமாகப் பல மாதம் பிடிக்கும். இந்த ஜனவரியில் கைதட்டப் போங்கள்.

மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள், என்னை அல்ல.