ஓரெழுத்துக் கடை

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியிருக்கிறேன். எத்தனை எழுத்து என்று எண்ணத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை, மதுரையில் அந்த போர்டு செய்பவரைப் பார்க்கும்வரை.

மகள் தையல் பொட்டிக் திறக்கப்போகிறாள். பெயர் வைக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. மற்ற பொறுப்புகளில் என்னை நம்ப மாட்டாள். என் அம்மா பெயர் கோதை. காலால் மிதிக்கும் மிஷினில் ஊருக்கே பாவாடை தைத்தவர். ஆகவே ‘கோதை நாச்சியார் தையலகம்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

“எத்தனை எழுத்து சார்?” என்றார் போர்டுக்காரர். உள்ளே விளக்கு எரியும் அக்ரிலிக் எழுத்துக்கு, உயரம் எத்தனை இன்ச்சோ அதை எழுத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கி விலை போடுவார்கள்.

“பன்னிரண்டு.”

அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். “இருபத்தொண்ணு.”

எனக்குக் கோபம் வந்தது. உயிர்மெய் ஓரெழுத்து என்று தொல்காப்பியர் காலத்திலேயே தீர்ந்துபோன வழக்கு இது. அவர் பொறுமையாக விளக்கினார். “‘கோ’வுக்குக் கொம்பு ஒரு பீஸ், ‘க’ ஒரு பீஸ், கால் ஒரு பீஸ். ‘ச்’சுக்கு மேல புள்ளி தனி பீஸ் சார். அதுக்குள்ளயும் லைட் வைக்கணும். மழைக்கு முதல்ல கீழ விழறதும் அதுதான்.” அவர் இலக்கணத்தில் வெட்டி ஒட்டுவதெல்லாம் எழுத்து. புள்ளி விழுந்த பிறகு ‘நாசசியார’ என்று நிற்கப்போகும் என் அம்மாவை நினைத்துப் பார்த்தேன்.

நீளம் இன்னொரு தொல்லை. போர்டு எட்டடி. எதிர்ச் சாரியிலிருந்து, அறுபதடி தூரத்தில், சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஆறு இன்ச்சாவது இருக்கவேண்டும். பத்தடிக்கு ஒரு இன்ச் என்பது அவர்கள் கணக்கு. தமிழில் அந்த ஆறு இன்ச்சும் எழுத்துக்கு முழுசாகக் கிடைக்காது. மேலே ‘சி’யின் விசிறிக்கும் புள்ளிக்கும் இடம் விட்டால் உடம்பு சுருங்கிவிடும். போதாததற்கு, போர்டில் தமிழ்தான் முதலில் பெரிதாக வரவேண்டும், ஆங்கிலம் கீழே சின்னதாக. ஐந்துக்கு மூன்று என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியனாக எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் பெயரும் தமிழாசிரியன் வைத்ததாயிற்றே, எட்டடிக்குள் அடங்கவில்லை.

“கோதைன்னு மட்டும் வைப்போம்பா” என்றாள் மகள். துணி வெட்டுகிற கை, தயக்கமே கிடையாது.

போர்டில் சரியாக உட்கார்ந்த கோதை, லேபிளில் கவிழ்ந்தாள். பிளவுஸின் பின்கழுத்தில் வைக்கிற சின்ன லேபிள், திருப்பூரில் சொல்லியிருந்தோம். நீளம் 50 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்தையும் ஆறாறு மில்லிமீட்டர் உள்ளே மடித்துத் தைத்தால் மிஞ்சுவது 38. அதற்குள் பெயர், அடியில் பொடியாக ஊர், போன் நம்பர். மாதிரி வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ‘கொதை’ என்றிருந்தது.

திருப்பூர்க்காரர் தவறு செய்யவில்லை. நெய்கிற லேபிளில் எழுத்து மையால் வருவதில்லை, நூலால் வருகிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்பி ஓர் எழுத்து போட்டுப் பாருங்கள், விஷயம் புரியும். நூலின் கனத்துக்குக் குறைவாக எந்த வளைவும் வராது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச்சுழிக் கொம்புக்கும் இருக்கிற வித்தியாசமே மேலே ஒரு சுழி. அந்தச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் ஒரு நூல் அகலம்கூட இல்லையென்றால் அடைத்துக்கொண்டு, நெடில் குறிலாகிவிடும்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஓலை கிழியுமே என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். ‘கொ’வா ‘கோ’வா என்பதைப் படிக்கிறவர் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) பார்த்துப் பார்த்து அந்தச் சுழியைப் போட்டுக்கொடுத்தார் என்பார்கள். லேபிள் தறி அதை அரை நொடியில் அவிழ்த்துவிட்டது. வேறு வழியும் விசாரித்தேன். சாட்டின் ரிப்பனில் அச்சடித்தால் சுழி தெளிவாக வரும். ஆனால் சூடு வைத்து வெட்டிய ஓரம் கழுத்தில் குத்தும்; துவைக்கத் துவைக்க எழுத்தும் வெளுக்கும். பெயரைத்தான் மாற்றவேண்டும்.

சுழியும் புள்ளியும் காலும் இல்லாத பெயர் தேட உட்கார்ந்தேன். நேர்க்கோட்டு எழுத்துகள் தறிக்குச் சௌகரியம்: ட, ப, ம, ய. ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ‘மடி’ என்று கண்டுபிடித்தேன். துணி மடிப்பு, தாய்மடி, எத்தனை பொருள்! போர்டுக்காரர் கணக்கிலும் இரண்டே பீஸ். காலையில் மனைவியிடம் சொன்னேன்.

“கடைக்கு வர்றவங்களைச் செத்துப்போன்னு சொல்லவா?”

அதை விட்டாலும், மடிக்குச் சோம்பல் என்றும் பொருள் இருக்கிறது. அது கூடாது என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காத டெய்லருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பதால் உடனே கைவிட்டோம்.

கடைசியில் மகள்தான் கத்தரியை எடுத்தாள். கோதையில் தகராறு செய்வது ‘கோ’. அதை வெட்டியாயிற்று. மிச்சம், ‘தை’.

நன்னூலார் எண்ணித் தந்த நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று! போர்டுக்கு இரண்டு பீஸ், அடைப்பில்லாமல் நெய்ய லேபிளில் தாராளமாக இடம். நான் ஆயிரம் லேபிளுக்குப் பணம் கட்டினேன். ஆயிரத்துக்குக் குறைந்தால் தறி ஓட்ட மாட்டார்களாம்.

போர்டு ஏறிய மறுநாள், நான் கல்லாவில் இருந்தபோது ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சார்?”

“மணிக்கணக்கெல்லாம் இல்லப்பா. லைனிங் வச்சா ஒரு ரேட்டு, வைக்காட்டி ஒரு ரேட்டு.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து வெளியே போய் போர்டை அண்ணாந்து பார்த்தேன். தமிழுக்குக் கீழே, சட்டப்படி சின்னதாக, ஆங்கிலத்தில் டி, எச், ஏ, ஐ. தாய்லாந்து மசாஜ் கேட்டு வந்த பிள்ளை.

பில் புத்தகம் இதற்கும் மேலே போயிற்று. தையல் கடை பில்லில் பெயரைவிட முக்கியமானவை வேறு: அளவு பிளவுஸ் வாங்கினோமா, ட்ரையல் என்றைக்கு, டெலிவரி என்றைக்கு. பெயர் நீளமென்றால் இவையெல்லாம் அடியில் நெருக்கியடிக்கும். எங்களுக்கு அந்தக் கவலையில்லை என்று அச்சகத்துக்காரர் பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘தை’யைப் பெரிதாகப் போட்டு, அதன் வலப்பக்கத்திலேயே டெலிவரி தேதிக்குக் கோடு இழுத்துவிட்டார். தீபாவளிக்குக் கொடுத்துவிட்டுப் போன அம்மாள் ஒருவர் சாயங்காலமே திரும்பி வந்தார்.

“ஏம்மா, தீபாவளி ஐப்பசியில வருது. நீ தை பதினேழுன்னு எழுதிக் குடுத்திருக்கியே?”

அச்சடித்தது இருபது புத்தகம். ஒவ்வொரு தாளிலும் ‘தை’க்குப் பக்கத்தில் மகள் ‘யல்’ என்று கையால் சேர்க்கிறாள். அது அடியிலிருக்கும் நகலிலும் பதிகிறது, அந்த மட்டுக்குச் சௌகரியம்.

லேபிள் ஒன்றுதான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, போன வாரம்வரை. போன வாரம் ஓர் அம்மாள் அக்குள் பக்கம் பிரிந்த பிளவுஸோடு வந்தார். சண்டைக்கு வந்த மாதிரியும் தெரியவில்லை. பின்கழுத்தைத் திருப்பி லேபிளை என்னிடம் காட்டினார்.

“நீங்களே எழுதி விட்டிருக்கீங்கள்ல சார், ‘தை’ன்னு. தைச்சுக் குடுங்க.”