பாதி விலை லேப்

கேள்வி: ராபர்ட்சன்பேட்டையில் பாதி விலைக்குத் தைராய்டு டெஸ்ட் எடுக்க ஒரு கலெக்‌ஷன் சென்டர் வந்திருக்கிறது. பழைய லேப்புக்கு ஆபத்தா? (கோலார் தங்க வயல் வாசகர்)

பதில்: விலையைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த விலையிலும் அவர்களுக்கு லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். கைக்காசைப் போட்டு விலை குறைப்பவர் சீக்கிரம் களைத்துப்போவார். செலவின் அமைப்பையே மாற்றியவர்தான், மலிவாகக் கீழே நுழைந்து பழையவரைத் தள்ளிவிடுவார் என்று மேலாண்மை அறிஞர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் எச்சரித்த ஆள். கோவைப் பக்கத்திலிருந்து போன வேலுமணி 1996இல் மும்பையில் தொடங்கிய தைரோகேர் அப்படித்தான் வளர்ந்தது. தைராய்டு ஒன்றையே பிடித்துக்கொண்டு, ஊரூராகச் சேர்த்த மாதிரிகளை விமானத்தில் வரவழைத்து, ஒரே கூடத்தில் மொத்தமாக ஓட்டியதால் அடக்கவிலையே இறங்கியது. காலூன்றிய பிறகு முழு உடல் பரிசோதனைக்கு ஏறியது.

தூரம் போனால் தரம் கெடாதா என்பீர்கள். சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் டி.எஸ்.ஹெச். சில நாள் தாங்கும்; தரம் கெடும் என்ற நம்பிக்கையில் பழைய லேப் உட்கார்ந்திருக்க முடியாது. பிரிக்காத ரத்தத்திலோ சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும், செல்லிலிருந்து கசியும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். நெஞ்சுவலிக்காரரின் ட்ரோபோனின் விமானத்துக்குக் காத்திருக்காது. ஆக, அவசர டெஸ்டுகள் உள்ளூரில்தான் நடக்கும். ஆனால் நள்ளிரவிலும் ஆள் வைத்து அவற்றைச் செய்யும் செலவைத் தைராய்டு வருமானம்தான் இதுவரை சுமந்ததென்றால், ஆபத்து உண்மையானது. பழைய லேப்பின் கணக்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.