அப்பா பெயரில் ஒரு பிரிவுரை

கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிரிவுபசார விழா. பையன்கள் பழக்கமில்லாத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். கண்ணீர் விடுவதற்கென்று முன்வரிசையில் நாலைந்து பேர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் பிரியாணி அண்டா வந்து இறங்கிவிட்டதை மூக்கு சொல்லியது.

துறைத்தலைவர் பேச எழுந்தார். கையில் உரை இல்லை. பின்னடித்த பத்துப் பதினைந்து தாள்கள் இருந்தன. இன்டர்னல் மார்க்கோ என்று கடைசி வரிசை நடுங்கியது.

"இது நாமினல் ரோல். பட்டச் சான்றிதழில் அச்சாகப்போற உங்க பேரு இதுலதான் இருக்கு. ஒவ்வொருத்தரும் எழுத்து எழுத்தாப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அது முடிஞ்சப்புறம்தான் சாப்பாடு" என்றார்.

இருபத்தைந்து வருடப் பணியில் அவர் கண்ட ஞானம் இது. கல்லூரியை விட்டுப் போன பையன்கள் அவரைத் தேடி மறுபடி வருவது வெப்ப இயக்கவியலில் சந்தேகம் கேட்க அல்ல. இனிஷியல் தகராறில் சிக்கித்தான் வருகிறார்கள்.

ஒரு கார்த்திக்கை உதாரணத்துக்கு வைத்துக்கொண்டார். அப்பா பெயர் செல்வராஜ். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவன் 'கார்த்திக் எஸ்'. ஆதார் எடுத்த இடத்தில் கணினி முன் இருந்தவர் தாராள மனதுக்காரர். 'கார்த்திக் செல்வராஜ்' என்று விரித்துத் தட்டிவிட்டார். பான் அட்டைப் படிவம் கடைசிப் பெயரைத்தான் முதலில் கேட்கும். பையன் அதைக் கவனிக்காமல் நிரப்பியதில் அங்கே 'செல்வராஜ் கார்த்திக்' ஆனான். வங்கியில் 'எஸ். கார்த்திக்'. போதாததற்கு, 2021 டிசம்பரில் வந்த அரசாணை முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்கிறது. சரியான ஆணைதான். ஆனால் அதன்படி அவன் 'செ. கார்த்திக்'. ஆக, ஒரே பையன் ஐந்து பேராகிவிட்டான். ஹாஸ்டலில் ஐந்து பேர் சாப்பாட்டை அவன் ஒருவனே சாப்பிட்டதற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது என்று துறைத்தலைவர் சொல்ல, அரங்கம் முதல் தடவையாகச் சிரித்தது.

வேலையில் சேர்ந்த அன்றே இந்த ஐவரும் மோதிக்கொள்வார்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஆதாரில் உள்ள பெயர் வேண்டும். அதோடு பான் இணைய வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு நிற்கும், அதன்பின் பணம் எடுக்கப் போனால் நடைதான். சான்றிதழ் சரிபார்க்கிற நிறுவனம் 'எஸ் யார், செல்வராஜ் யார்?' என்று கேட்கும். உடனே நோட்டரியிடம் ஓடி, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். பையன் அவனேதான் என்று அவனே சத்தியம் செய்து, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிற விந்தை இது.

உலகத்தில் பல ஊர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது; நமக்கு இல்லை. நமக்கு இருப்பது அப்பா, அதுவும் ஒற்றை எழுத்தில். அந்த ஒற்றை எழுத்து விமானம் ஏறும்போது விரிகிறது. பாஸ்போர்ட் படிவம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா போய் உட்காருவார். அதன் பிறகு வெளிநாட்டில் யார் கூப்பிட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சதுரங்க உலகம் செல்லமாக 'விஷி' என்று அழைப்பது யாரை? விஸ்வநாதன் என்பது ஆனந்தின் அப்பா பெயர். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கே இந்தக் கதி. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியல் மட்டும் ஆனந்தைக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்து, விஸ்வநாதனைப் பின்னால் போட்டிருக்கிறது. பிரக்ஞானந்தாவை இன்றும் பெயர், பின்னால் ஓர் இனிஷியல் என்று நம்மூர் வருகைப்பதிவேடு மாதிரியே எழுதிவைத்திருக்கிறது.

"எனக்கும் நடந்துச்சுங்க" என்று துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் வெல்டிங் பற்றி அவர் கட்டுரை வாசிக்கப் போயிருந்தார். மேடையில் பெயர் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவைதான், கூப்பிடுவது ஊரில் மஞ்சள் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவை என்று உறைத்தது. கழுத்தில் தொங்கிய அட்டையிலும் 'முனைவர்' பட்டத்தோடு அப்பா பெயர்தான் பெரிதாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்த மனிதரிடம் ஊர் திரும்பியதும் அட்டையைக் கொடுத்தார். அவர் அதை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டி வைத்தாராம்.

குடும்பப் பெயர்க் கட்டத்தையே காலியாக விட்டால் இந்த வம்பு இல்லையே என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி, ஆபத்தான யோசனை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசா இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயரிடத்தில் FNU என்று அடித்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே பெயரென்று நினைத்து அங்கே சிலரை 'எஃப்னு' என்று கூப்பிட்டதும் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் வேறிடத்தில் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தினார்கள்.

சரி, என்னதான் செய்வது? துறைத்தலைவரின் வைத்தியம் எளிது. பட்டச் சான்றிதழ் பத்தாம் வகுப்புப் பட்டியலை ஒட்டியே வரும். அங்கே இனிஷியல் இனிஷியலாகவே இருக்கட்டும். மற்ற மூன்றையும், அதாவது ஆதார், பான், பாஸ்போர்ட்டை, விரித்த வடிவில், ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம். ஆகவே முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போகவேண்டும். இனிஷியலுக்கும் விரித்த பெயருக்கும் பாலம் கேட்டால் மாற்றுச் சான்றிதழ் கைகொடுக்கும். அதில் பையன் பெயரும் அப்பா பெயரும் ஒரே தாளில் இருக்கின்றன. அதை ஒப்படைக்கும் முன் நாலு நகல் எடுத்துவைக்காதவன் இயந்திரவியல் படித்தும் பயனில்லை.

இதுவரை சிரித்தவர்கள் பட்டியல் கைக்கு வந்ததும் அடங்கினார்கள். ஒரு கார்த்திக்குக்குக் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'சி' முளைத்திருந்தது. ஒரு பெண்ணுக்கு எண்கணிதப்படி அம்மா சேர்த்த கூடுதல் 'ஏ' ஆதாரில் இருந்தது, இதில் இல்லை. இன்னொருவன் இனிஷியலே மாறிப்போய்ப் பக்கத்து பெஞ்சுக்காரனின் அப்பாவுக்குப் பிள்ளையாகியிருந்தான். நாலு திருத்தங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பிரியாணி இரண்டேகால் மணிக்குத்தான் திறந்தது. யாரும் அழவில்லை.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் இதே மாதிரி ஒரு பெயர்ப்பட்டியலை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள்.